இங்கிலீஷ் வராததால் கழித்துவிட்டார்கள் என்று நினைத்தேன் (லைன் இன்ஸ்பெக்டர் இன்டர்வியூ, ஓசூர்)

ராயக்கோட்டை ரோடு | 7 மார்ச் 2024, இரவு 9:40

போன சனிக்கிழமை ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனிக்கு லைன் இன்ஸ்பெக்டர் வேலைக்காக இன்டர்வியூ போனேன். இன்று சாயங்காலம் மெயில் வந்துவிட்டது, எடுக்கவில்லை. காரணம் எதுவும் போடவில்லை.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். இரண்டு வருடமாகச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றில் சி.என்.சி. லேத்தில் நிற்கிறேன். அளவு பார்ப்பதும் என் வேலைதான். அதனால் வேலை தெரியாது என்று கழித்திருக்க வாய்ப்பில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் இங்கிலீஷில் உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். நாலு வரிக்கு மேல் வரவில்லை. அதோடு முடிந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நாலு மாதம், 6,000 ரூபாய். இந்த மாதச் சம்பளத்தில் கட்டலாம் என்று இருக்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், அது சரியான முடிவா?

புதுசு | 7 மார்ச், 10:02

வேலைக்குப் பணம் கேட்கிறார்களா? கட்டாதீர்கள் அண்ணா. என் நண்பன் ஒரு கன்சல்டன்சியில் கட்டி ஏமாந்தான்.

ராயக்கோட்டை ரோடு | 7 மார்ச், 10:05

இல்லை தம்பி, கம்பெனி எதுவும் கேட்கவில்லை. பணம் கிளாஸுக்கு.

ஆள் எடுப்பவள் | 7 மார்ச், 10:51

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எச்.ஆரில் இருக்கிறேன். மொத்தம் எத்தனை நிமிடம் உள்ளே இருந்தீர்கள்? அதில் எத்தனை நிமிடம் இங்கிலீஷ்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்டர்வியூ முடிந்து வருகிறவர்களிடம் எப்படிப் போனது என்று கேட்டால், எங்கே வெட்கப்பட்டார்களோ அதைத்தான் சொல்வார்கள். எங்கே மார்க் போனதோ அது நினைவில் நிற்பதே இல்லை. நீங்கள் திக்கியது உங்களுக்குச் சுட்டிருக்கிறது, அதனால் அதையே காரணமாகப் பிடித்துக்கொண்டீர்கள். கிளாஸில் சேரும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கேட்ட கேள்வி, நீங்கள் சொன்ன பதில், அதற்கு அவர் அடுத்துக் கேட்டது, இந்த மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். பதில் பிடித்துவிட்டால் வேறு விஷயத்துக்குத் தாவிவிடுவார்கள். பிடிக்காவிட்டால் அதே இடத்தைத் திரும்பச் சுரண்டுவார்கள்.

ஐந்து நாள் ஆகிவிட்டது, பாதி மறந்திருக்கும். அன்று இரவே எழுதியிருக்க வேண்டும். பரவாயில்லை, வருவதை எழுதுங்கள்.

ராயக்கோட்டை ரோடு | 8 மார்ச் 2024, இரவு 8:15

எழுதிப் பார்த்தேன் மேடம். ஏறக்குறைய 25 நிமிடம் இருந்தேன். இங்கிலீஷ் மூன்று நிமிடம்கூட இல்லை. அதற்குப் பிறகு அந்த குவாலிட்டி சார் தமிழில்தான் பேசினார். எழுதும்போதுதான் எனக்கே இது உறைக்கிறது.

முதலில் ஒரு ஷாஃப்ட், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு டிராயிங் கொடுத்தார். டிராயிங்கில் Ø20 h6 என்று இருந்தது. அளந்து சொல் என்றார். அளந்தேன், 19.99 வந்தது. ஓகே என்றேன். எதை வைத்து ஓகே என்றார். h6 என்றால் மேலே 0, கீழே 13 மைக்ரான், அதாவது 20.000 முதல் 19.987 வரை, 19.99 உள்ளேதான் இருக்கிறது என்றேன். இந்த வரம்பு எங்கள் கம்பெனியில் தினமும் பார்ப்பது, மனப்பாடம். நிச்சயமா என்று மறுபடி கேட்டார். நிச்சயம் சார் என்றேன். அப்புறம் மைக்ரோமீட்டரை வாங்கி மூடி, என் பக்கம் காட்டி, இது என்ன என்றார். ஜீரோ கொஞ்சம் தள்ளியிருக்கு சார் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

அடுத்த கேள்வி: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஐந்து பீஸ் எடுத்துப் பார்க்கிறாய். 12 மணிக்கு எடுத்ததில் ஒன்று அண்டர்சைஸ். என்ன செய்வாய்? ஆபரேட்டரிடம் சொல்லி ஆஃப்செட் மாற்றச் சொல்வேன் என்றேன். அப்புறம்? அடுத்த பீஸை அளப்பேன். அப்புறம்? எனக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. இந்த "அப்புறம்" மூன்று தரம் வந்தது.

கடைசியாகச் சம்பளம், ஷிஃப்ட் பற்றிக் கேட்டார். அவ்வளவுதான்.

சிங்காநல்லூர் டர்னர் | 8 மார்ச், 8:47

தம்பி, உன் விஷயம் அந்த ஜீரோவில் முடிந்துவிட்டது. மூடியபோது எவ்வளவு காட்டியது? பிளஸ் என்றால் கழிக்கணும், மைனஸ் என்றால் கூட்டணும். அவர் வேண்டும் என்றே ஜீரோ தள்ளின மைக்ரோமீட்டரைத்தான் கொடுத்திருப்பார். நானும் புதுப் பையன்களுக்கு அப்படித்தான் கொடுப்பேன்.

ராயக்கோட்டை ரோடு | 8 மார்ச், 8:58

மைனஸ் என்று நினைக்கிறேன் அண்ணே. அப்படியென்றால் ஷாஃப்ட் 20.00 ஆகிறது, அதுவும் ஓகேதானே? மேல் வரம்பில் சரியாக நிற்கிறது.

ராயக்கோட்டை ரோடு | 9 மார்ச் 2024, காலை 6:20

நேற்று எழுதியதில் திருத்தம். ஷிஃப்டுக்குப் போய் எங்கள் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்ததும் அந்தக் காட்சி அப்படியே திரும்பி வந்தது. மூடியபோது திம்பிளில் 1 என்ற கோடு நடுக்கோட்டில் நின்றது. மைனஸாக இருந்தால் 49 அல்லவா நின்றிருக்கும்? ஒன்றுதான் நின்றது, நிச்சயம். அப்படியென்றால் பிளஸ் 0.01. நான் படித்த 19.99-ல் அதைக் கழித்தால் 19.98.

கீழ் வரம்பு 19.987. நான் ஓகே என்ற பீஸ் அண்டர்சைஸ். அதுவும் இரண்டாம் தரம் நிச்சயமா என்று கேட்டும் ஓகே என்றிருக்கிறேன். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

சிங்காநல்லூர் டர்னர் | 9 மார்ச், 7:05

அதேதான். 19.98, ரிஜெக்ட். அளக்கும் முன் மூடிப் பார், இருப்பதைக் கழி, பதில் வந்துவிடும். அடுத்த இன்டர்வியூவில் இதைச் சொல்லிவிடு, வேலை உனக்குத்தான்.

கேஜ் ரூம் | 9 மார்ச் 2024, பகல் 1:30

அம்பத்தூரில் முப்பது வருடம் கேஜ் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவன். டர்னர் தம்பி சொன்னது பாதி. ஜீரோ பார்க்காதது தப்புதான், ஆனால் அவர் அந்த மூன்று பொருளையும் ஒன்றாகக் கொடுத்ததற்கு வேறு காரணம் இருக்கிறது.

டிராயிங்கில் இருக்கும் மொத்த இடமே 13 மைக்ரான். உங்கள் கையில் இருந்த மைக்ரோமீட்டரில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 10 மைக்ரான். 13 மைக்ரான் சந்துக்குள் பீஸ் இருக்கிறதா என்று 10 மைக்ரான் படியில் ஏறிப் பார்க்கிறீர்கள். கேஜ் ரூமில் நாங்கள் பழகிய கணக்கு, டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது கருவி காட்ட வேண்டும். இங்கே அது ஏறக்குறைய 1 மைக்ரான். ஆக முதல் பதில் அளவே இல்லை. "சார், இந்த h6-ஐ இதை வைத்து ஓகே என்றோ ரிஜெக்ட் என்றோ சொல்ல முடியாது, 0.001 காட்டும் மைக்ரோமீட்டரோ, ஸ்லிப் கேஜ் வைத்து செட் செய்த காம்பரேட்டரோ கொடுங்கள்" என்பதுதான் பதில். அதைச் சொல்லிவிட்டு, இருப்பதை வைத்து அளந்தால் இவ்வளவு என்று சொல்லலாம்.

அடுத்து ஒரு கேள்வி. அளக்கும்போது ஷாஃப்டை எப்படிப் பிடித்திருந்தீர்கள்?

ராயக்கோட்டை ரோடு | 9 மார்ச், 2:10

இடது உள்ளங்கையில் சார். அவர் சம்பளம் பற்றிப் பேசும் வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் கை வேர்த்திருந்தது.

கேஜ் ரூம் | 9 மார்ச், 2:41

அதைத்தான் கேட்க நினைத்தேன். அளவுக்கு அடிப்படை வெப்பம் 20 டிகிரி. ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, பதினொன்றரை மைக்ரான் அளவில் நீளும். 20 மி.மீ. ஷாஃப்ட் பத்து டிகிரி சூடேறினால் 2 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல். ஜாப் ஒர்க்கில் 50 மைக்ரான் டாலரன்ஸ் பார்க்கும்போது இது கணக்கிலேயே வராது. 13-ல் 2 என்பது வரும். மைக்ரோமீட்டர் ஃபிரேமில் கருப்பு பிளாஸ்டிக் தகடு வைத்திருப்பது எதற்கு? கைச்சூடு ஏறாமல் இருக்கத்தான். அங்கேதான் பிடிக்க வேண்டும். எங்கள் கேஜ் ரூமில் புதிதாக வருகிறவரின் கையை முதலில் பார்ப்போம், கருவியை அப்புறம்தான்.

இதனால் மட்டும் உங்களைக் கழித்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

சிங்காநல்லூர் டர்னர் | 9 மார்ச், 9:15

சார் சொல்வது கேஜ் ரூமுக்குச் சரி. லைனில் ஒவ்வொரு பீஸையும் காம்பரேட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால் புரொடக்‌ஷன் என்ன ஆகும்? ஸ்னாப் கேஜ் ஒன்று கையில் இருந்தால் போதும். கோ போகணும், நோ கோ போகக்கூடாது, முடிந்தது. அந்த ஷாஃப்ட் ரிஜெக்ட்தான், என் கருத்தில் மாற்றமில்லை.

கேஜ் ரூம் | 9 மார்ச், 9:38

ஸ்னாப் கேஜ் நல்ல பதில், ஒப்புக்கொள்கிறேன். அதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் 19.98-க்கும் 19.987-க்கும் நடுவில் 7 மைக்ரான்தான். கருவியின் ஒரு கோட்டைவிடக் குறைவு. அதற்கும் சொந்தமாகச் சில மைக்ரான் பிழை இருக்கும். நான் ரிஜெக்ட் பெட்டியில் போடமாட்டேன், சந்தேகம் என்று டேக் போட்டுத் தனியாக வைப்பேன்.

மூன்றாவது வார்டு | 10 மார்ச் 2024, காலை 11:00

நான் ஸ்டாஃப் நர்ஸ், மதுரை. மைக்ரோமீட்டர் எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் இதே மாதிரி ஒன்று எனக்கு நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இன்டர்வியூ. ஆயிரம் மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்றார்கள். உடனே 31 என்றேன். என் பழைய ஆஸ்பத்திரியில் இருந்தது மில்லிக்கு 15 சொட்டு விழும் செட், அந்தப் பழக்கம். அவர்கள் மேஜையில் வைத்திருந்தது 20 சொட்டு செட், அதற்கு 42 வரும். கவர் மேலேயே அச்சடித்திருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை. கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கவர் ஞாபகம் வந்தது.

எனக்கும் வயதானதால்தான் கழித்தார்கள் என்று ஒரு மாதம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராயக்கோட்டை ரோடு | 10 மார்ச், 3:25

அக்கா, நீங்கள் எழுதியது எனக்கு நன்றாகப் புரிகிறது. எனக்கும் h6 தெரியும், ஜீரோ பார்க்கத் தெரியும், கழிக்கவும் தெரியும். எங்கள் கம்பெனியில் காலையில் ஒருவர் ஜீரோ செட் செய்து வைத்துவிடுவார், நாங்கள் எடுத்து அளப்போம். இரண்டு வருடமாக வேறொருவர் செய்துவைத்த ஜீரோவை நம்பியிருக்கிறேன். தெரிந்த விஷயம்தான், கைக்குப் பழக்கமில்லை. இதைப் படித்துச் சரிசெய்ய முடியாது, செய்துதான் சரிசெய்ய வேண்டும்.

இங்கிலீஷ் கிளாஸை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன்.

ஆள் எடுப்பவள் | 10 மார்ச், 6:50

அந்த "அப்புறம்" கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். நான் எச்.ஆர்., அளவு தெரியாது. ஆனால் எங்கள் குவாலிட்டி மேனேஜர் ஆள் எடுக்கும்போது அதிக நேரம் உட்காருவது அந்தக் கேள்வியில்தான். மூன்று தரம் சுரண்டியிருக்கிறார் என்றால் அங்கே என்னவோ எதிர்பார்த்திருக்கிறார்.

கேஜ் ரூம் | 10 மார்ச் 2024, இரவு 8:20

அம்மா சொல்வது சரி. இதில் தம்பி சொன்னது ஆபரேட்டரின் பதில். மெஷினைச் சரிசெய்தால் இனி வரும் பீஸ் நன்றாக வரும். ஏற்கெனவே வந்த பீஸ்? இன்ஸ்பெக்டரின் கண் பின்னால் போக வேண்டும்.

10 மணிக்கு எடுத்த ஐந்தும் நன்றாக இருந்தது, 12 மணிக்கு ஒன்று கெட்டது. கெடுதல் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. பீஸுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் நடுவில் 40 பீஸ். அந்த நாற்பதும் இப்போது சந்தேகம். மெஷினை நிறுத்தச் சொல்லி, அந்த நாற்பதையும் எங்கே இருந்தாலும் பிடித்து, டேக் போட்டுத் தனியே வைக்க வேண்டும். பெட்டியில் இருப்பது 25, வாஷிங்குக்குப் போனது 15 என்றால் அந்த 15-க்கும் நடந்து போக வேண்டும். சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். நாற்பதையும் ஒவ்வொன்றாக அளந்து பிரிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஆஃப்செட். ஆஃப்செட் மாற்றிய பின் வரும் முதல் பீஸை அளந்து ஓகே சொல்லாமல் மெஷின் ஓடக் கூடாது.

இன்னொன்று. ஓவர்சைஸ் என்றால் இன்னும் ஒரு தரம் கடைந்து எடுக்கலாம். அண்டர்சைஸ் ஷாஃப்டில் உலோகம் போய்விட்டது, ஸ்கிராப். அதனால் எத்தனை போயிருக்கிறது என்று உடனே தெரிய வேண்டும். அந்த சார் "அண்டர்சைஸ்" என்ற வார்த்தையைத் தெரிந்தேதான் போட்டிருப்பார்.

ராயக்கோட்டை ரோடு | 10 மார்ச், 8:55

சார், இதை நான் தினமும் செய்கிறேன். எங்கள் யூனிட்டில் கெட்ட பீஸ் வந்தால் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பெயர் எதுவும் வைத்ததில்லை, டேக் போட்டதில்லை. அதனால் அதுதான் பதில் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போது தோன்றவே இல்லை.

ராயக்கோட்டை ரோடு | 18 மார்ச் 2024, இரவு 10:10

ஒரு வாரமாகச் செய்ததை எழுதுகிறேன்.

டூல் ரூம் அண்ணனிடம் கெஞ்சி 20 மி.மீ. ஸ்லிப் கேஜ் ஒன்று மதிய இடைவேளையில் வாங்கிக்கொள்கிறேன். அது 20 என்று தெரிந்த பொருள், அதனால் என் கை என்ன செய்கிறது என்று அது சொல்லிவிடும். முதல் நாள் வழக்கம்போல அளந்தேன், பத்து தரம். 20.00, 19.99, 19.99, 19.98, 20.00 என்று வந்தது. காரணம் எனக்கே தெரியும்: நான் ராட்செட்டைத் தொடுவதில்லை, வேகத்துக்காகத் திம்பிளையே திருகி இறுக்குகிறேன். இறுக்கம் கூடினால் அளவு குறைகிறது. இரண்டாம் நாள் ராட்செட்டில் மூன்று கிளிக் மட்டும் வைத்து அளந்தேன். பத்தில் எட்டு 20.00, இரண்டு 19.99. இரண்டு வருடமாக நான் பாஸ் செய்த பீஸ்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. நல்ல வேளை, அவற்றுக்கு டாலரன்ஸ் அகலம்.

அப்புறம், வீட்டில் ஃபோனை நிறுத்தி வைத்து வீடியோ எடுத்தேன். மாமா எதிரில் உட்கார்ந்து டிராயிங்கைக் கொடுப்பார், நான் அளப்பேன். போட்டுப் பார்த்தால், கருவியைக் கையில் எடுத்தது முதல் அளவு சொல்லும் வரை நாற்பது நொடி ஒரு வார்த்தை பேசவில்லை. அளந்தது முழுக்கச் சரி. ஆனால் எதிரில் இருக்கிறவருக்கு நான் ஜீரோ பார்த்தேனா, ராட்செட் வைத்தேனா என்று எதுவும் தெரியாது. இப்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறேன்: "துடைக்கிறேன் சார். மூடிப் பார்க்கிறேன், ஜீரோ சரியாக இருக்கிறது. ஷாஃப்டை இரண்டு முனை, நடு, மூன்று இடத்தில் பார்க்கிறேன், திருப்பி மறுபடி பார்க்கிறேன்." முதல் நாலு நாள் கூச்சமாக இருந்தது.

சிங்காநல்லூர் டர்னர் | 18 மார்ச், 10:30

ராட்செட் விஷயம் உண்மை தம்பி. நானும் திம்பிளைத்தான் திருகுவேன். நாளைக்கே ஸ்லிப் கேஜில் பார்க்கிறேன்.

ராயக்கோட்டை ரோடு | 21 மார்ச் 2024, இரவு 9:00

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன். 8-ஆம் தேதி அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டேன், ஏன் எடுக்கவில்லை என்று. பதில் இல்லை. ஆள் எடுப்பவள் மேடம், எச்.ஆரில் இதற்கெல்லாம் பதில் போடமாட்டீர்களா?

ஆள் எடுப்பவள் | 21 மார்ச், 9:35

"ஏன்" என்று கேட்டால் போடமாட்டோம். எழுத்தில் காரணம் கொடுத்தால் அது வாக்குவாதமாகும் என்ற பயம். ஒரே வார்த்தையில் பதில் சொல்லும்படி கேளுங்கள். இன்டர்வியூ எடுத்த சாரின் நேரத்துக்கு நன்றி, அளவெடுப்பது, கெட்ட பீஸ் வந்தால் நடவடிக்கை, இந்த இரண்டில் எதில் நான் அதிகம் தேற வேண்டும் என்று அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா, ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்க விரும்புகிறேன். இவ்வளவு போதும். என் மேஜைக்கு அப்படி ஒன்று வந்தால் நான் லைனுக்கு ஃபோன் போட்டுக் கேட்பேன்.

ராயக்கோட்டை ரோடு | 27 மார்ச் 2024, மாலை 6:45

மேடம் சொன்னபடி அனுப்பினேன். பதில் வந்தது. ஒரே வரி: அந்த இடத்துக்கு உள்ளேயே ஒருவரை மாற்றிவிட்டார்கள், அடுத்த முறை விண்ணப்பிக்கலாம்.

படித்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஷாஃப்ட், ஜீரோ, நாற்பது பீஸ் என்று இவ்வளவு நாள் நாம் பேசியது எதுவுமே காரணம் இல்லையா? முன்பே ஆளை முடிவு செய்துவிட்டுத்தான் கூப்பிட்டார்களா?

சிங்காநல்லூர் டர்னர் | 27 மார்ச், 7:10

பெரும்பாலும் அப்படித்தான் தம்பி. முடிவு செய்துவிட்டுச் சும்மா கூப்பிடுவார்கள்.

ஆள் எடுப்பவள் | 27 மார்ச், 7:52

அப்படியும் நடக்கும். வெளியிலிருந்து வந்தவர்கள் யாரும் திருப்தியாக இல்லை என்பதால் உள்ளே இருப்பவரை மாற்றுவதும் நடக்கும். மெயிலில் இரண்டும் ஒரே வரியாகத்தான் வரும். இதில் எது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது, நானும் இங்கிருந்து சொல்ல முடியாது.

ராயக்கோட்டை ரோடு | 28 மார்ச் 2024, காலை 5:50

இரவு முழுக்க யோசித்தேன். அவர்கள் யாரை எடுத்தாலும், நான் 19.98 ஷாஃப்டை ஓகே என்று சொன்னது சொன்னதுதான். அது அந்த மெயிலால் மாறப்போவதில்லை. ஸ்லிப் கேஜ் அளப்பதைத் தொடர்கிறேன்.

ராயக்கோட்டை ரோடு | 6 ஏப்ரல் 2024, இரவு 8:30

இன்று வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தே நோட்டில் எழுதிவிட்டேன், அதைப் பார்த்துத்தான் இங்கே போடுகிறேன்.

இந்த முறை ஷாஃப்ட் இல்லை, துளை. டிராயிங்கில் Ø30 H7. கையில் 0.02 வெர்னியர் கொடுத்தார்கள். ஒரு நொடி கை அளக்கத்தான் போனது. நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "சார், H7 என்றால் 30-க்கு மேல் 21 மைக்ரான்தான் இடம். இந்த வெர்னியரின் ஒரு படியே 20. இதை வைத்து ஓகே சொல்ல முடியாது. போர் கேஜ் வேண்டும், இல்லையென்றால் பிளக் கேஜ்." அவர் முகத்தில் எதுவும் காட்டவில்லை. சரி, இருப்பதை வைத்து அளந்து காட்டு என்றார். துடைத்தேன், மூடி ஜீரோ பார்த்தேன், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அளந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கெட்ட பீஸ் கேள்வி இங்கேயும் வந்தது, வேறு மாதிரி: கஸ்டமரிடமிருந்து ஒரு கெட்ட பீஸ் திரும்பி வந்திருக்கிறது, முதலில் எங்கே போவாய்? இங்கேயும் கண் பின்னால் போக வேண்டும் என்று சார் எழுதியதுதான் நினைவுக்கு வந்தது. இதே பீஸ் நம் ஸ்டோரில் எத்தனை இருக்கிறது, லாரியில் எத்தனை போயிருக்கிறது என்று பார்த்து நிறுத்துவேன் என்றேன். அப்புறம் என்றார். லைனில் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன் என்றேன். அதற்கு மேல் "அப்புறம்" வரவில்லை.

அதன் பிறகு சி.பி.கே. 1.1 என்றால் உனக்கு என்ன புரிகிறது என்றார். அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். தெரியாது சார், எங்கள் யூனிட்டில் அதைப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். சரி என்று எழுதிக்கொண்டார். இங்கிலீஷில் அறிமுகம் இங்கேயும் கேட்டார்கள். ஐந்து வரி சொன்னேன், திக்கல் இருந்தது.

கேஜ் ரூம் | 6 ஏப்ரல், 9:15

வெர்னியரைப் பார்த்து நிறுத்தியது எனக்குப் பெரிய சந்தோஷம். சி.பி.கே. என்பது மெஷின் எவ்வளவு நம்பகமாக வரம்புக்குள் பீஸ் தருகிறது என்று காட்டும் எண். வரப்போகும் கேள்விதான், அதை உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனியில் ஒரே மெஷினில் வரிசையாக ஐம்பது பீஸ் அளந்து நோட்டில் எழுதி வாருங்கள், இங்கேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படித்துக்கொள்வதைவிட அந்த ஐம்பது எண் உங்களுக்கு நன்றாகச் சொல்லும்.

ராயக்கோட்டை ரோடு | 12 ஏப்ரல் 2024, இரவு 9:20

இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த சனிக்கிழமை. பிளான்ட் மேனேஜர் பார்ப்பாராம். ஐம்பதில் 32 பீஸ் அளந்துவிட்டேன் சார், நாளை மதியம் மீதி. கையுறை போட்டுத்தான் அளக்கிறேன்.

சிங்காநல்லூர் டர்னர் | 12 ஏப்ரல், 9:44

வாழ்த்து தம்பி. எனக்கும் ஸ்லிப் கேஜில் 19.98 வந்தது, ராட்செட் வைத்தபின் 20.00. ஆனாலும் அந்த முதல் ஷாஃப்ட் ரிஜெக்ட்தான்.

கேஜ் ரூம் | 12 ஏப்ரல், 9:58

சந்தேகம். டேக் போட்டுத் தனியே வையுங்கள்.